தங்க ஊசி

கிண்ணியா ஆட்கள் கடலோரக் களப்பில் தங்க ஊசி போட்டு மீன் பிடிக்கிறார்களாம். இதைச் சொன்னது மனிதர் யாரும் அல்ல, நிப்லாவின் மடிக்கணினியில் இருந்த செயலி. குறிஞ்சாக்கேணியில் நடந்த களப்புக் கூட்டத்தின் ஒலிப்பதிவை அதற்குக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பக்க எழுத்தாக்கித் துப்பியது. அதில் இருபத்துமூன்று இடத்தில் தங்க ஊசி.

ஒபீஸ் முழுக்க அன்றைக்கு அதே சிரிப்பு. இணைப்பாளர் சிந்துஜன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, "பாத்தீங்களோ நிப்லா, உங்கட ஊராக்கள் எவ்வளவு வசதி எண்டு. நாங்கள் இங்க இரும்புத் தூண்டிலோட அலையிறம்" என்றான். நிப்லாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நினைத்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு முதலில் கூசியது.

சங்கதி இதுதான். 'தங்கூசி' என்றால் கண்ணாடி மாதிரித் தெரிகிற நைலோன் இழை. அதில் பின்னிய வலை தண்ணீருக்குள் மீனுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது. குஞ்சு குருமானையும் விடாது வாரிக்கொண்டு வரும். அதனால் அதற்குத் தடை. யாருடைய சங்கத்து ஆட்கள் தங்கூசி போடுகிறார்கள் என்பதுதான் சல்லி முதல் குறிஞ்சாக்கேணி வரை எல்லா ஊர் மீனவர் சங்கத்துக்கும் இடையில் உள்ள சண்டை. அந்தச் சண்டையைப் பேசித் தீர்க்கத்தான் நிப்லா வேலை செய்கிற சிறிய நிறுவனம், துறைமுகப் பக்கத்து வீதியில் மாடியில் மூன்று அறை எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறது. நிப்லாதான் அதன் ஆவண உத்தியோகத்தர். பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, இரண்டு பக்கமாகச் சுருக்கி எல்லாச் சங்கத்துக்கும் கடற்றொழில் அதிகாரிகளின் ஒபீஸுக்கும் அனுப்புவது அவள் வேலை.

முன்பெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவாள். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டு நாள் போகும். செயலி வந்த பிறகு அந்த ஹெட்போன் மேசை லாச்சியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆனாலும் நிப்லா சோம்பேறி இல்லை. அதை அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். 'தங்க ஊசி'யைத் தேடி, இருபத்துமூன்று இடத்திலும் ஒரே தட்டில் 'தங்கூசி' ஆக்கினாள். 'மை மூணா' என்று கிடந்ததை வரவுப் பதிவேட்டைப் பார்த்து மைமூனா ஆக்கினாள். 'குறிஞ்சி ஆக்க நீ' என்றிருந்த ஊருக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுத்தாள். சித்தி பரீதா என்று ஒருவர், குறிஞ்சாக்கேணி மாதர் சங்கத் தலைவி. செயலிக்குக் கிண்ணியாவில் சித்தி என்பது பெயரின் முன்பாதி என்று எங்கே தெரியும்? அது எழுதிய முதல் சுருக்கத்தில் 'பரீதா என்பவரின் சித்தி கூறினார்' என்று வந்திருந்தது. நிப்லா சிரித்துக்கொண்டே அதையும் சரி செய்து, பெயரை முழுதாகப் போட்டு, பக்கத்தில் தலைவி என்றும் எழுதினாள். பிறகு சுருக்கம் செய்யும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. வாசிக்க அழகாக இருந்தது. வியாழக்கிழமை பகலுக்குள் எல்லாச் சங்கத்துக்கும் போய்விட்டது.

ஒலிப்பதிவை அவள் ஒரு தடவைகூடத் திறந்து கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நகரத்து வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று கேற்றடியில் படுத்திருக்க, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். கறுப்பு அபாயா, கையில் நாலாக மடித்த கடதாசி. நிப்லா எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வாங்க பரீதா மாமி. இருங்க."

பரீதா இருக்கவில்லை. கடதாசியை விரித்து மேசையில் வைத்து, மூன்றாவது பந்தியில் விரலை வைத்தார்.

"இத வாசிங்க மகள்."

நிப்லா வாசித்தாள். அவள் அனுப்பிய அறிக்கைதான். 'தமது சங்கத்து ஆட்கள் தங்கூசி வலை பாவிப்பது எல்லோருக்கும் தெரிந்த விடயமே எனக் குறிஞ்சாக்கேணி மாதர் சங்கத் தலைவி சித்தி பரீதா தெரிவித்தார்.'

"நான் இப்பிடிச் சொல்லேல்ல" என்றார் பரீதா.

நிப்லாவுக்கு முதலில் வந்தது கோபம். கூட்டத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஊரில் கேள்வி வந்ததும் ஒபீஸில் வந்து மாற்றச் சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்று அவள் வைத்திருக்கும் குரலில், "பதிவில உள்ளதத்தானே மாமி நாங்க எழுதுற. நாங்களா ஒண்டும் போடுறேல்ல" என்றாள்.

"அப்ப அந்தப் பதிவப் போடுங்க. என்ட குரல நானே கேக்கணும்."

அதோடு, என்ன நடந்தது என்பதையும் சொன்னார். பெரிய கதை இல்லை, ஆனால் சொல்லச் சொல்ல அவரது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அறிக்கையைச் சங்கத்தில் செயலாளர் மைமூனாதான் எழும்பி நின்று வாசித்தாளாம். சங்கத்தில் முப்பத்திரண்டு குடும்பம், எல்லாமே களப்பை நம்பிய குடும்பம். அடுத்த கிழமையே அதிகாரிகள் வந்து வீடு வீடாக வலையை இழுத்துப் போட்டுப் பார்த்தார்களாம். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் காட்டிக் கொடுத்தவர் யார் என்று கடதாசியிலேயே பெயர் இருந்ததே! ஒன்பது வருடம் தலைவியாக இருந்தவரை ஒரே கூட்டத்தில் இறக்கிவிட்டார்கள். கணவர் ஸஹாப்தீன் தோணி கட்டும் இடத்தில் அவரோடு ஒருவரும் கதைக்கிறதில்லை.

"நான் சத்தியம் பண்ணிச் சொன்னன், நான் சொல்லேல்ல எண்டு. அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான் மகள். 'அப்ப ஒபீஸ்ல பொய்யா எழுதுவாங்க?' எண்டு. எனக்கு அதுக்குப் பதில் தெரியல்ல."

நிப்லா மடிக்கணினியைத் திறந்தாள். எழுத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் ஒலி அந்த இடத்திலிருந்து ஓடும். இவ்வளவு வசதி இருந்தது, ஒரு நாளும் தொட்டதில்லை. பரீதாவின் பெயரைத் தேடிப் பிடித்தாள். நாற்பத்தேழாவது நிமிடம். தொட்டாள்.

மண்டபத்து மின்விசிறி இரைச்சல். எங்கேயோ காகம். அதற்கு மேல் பரீதாவின் குரல், நிதானமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட:

"எங்கட சங்கத்து ஆக்கள் தங்கூசி பாவிக்கிறேல்ல. ஆக்களுக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும்."

நிப்லா இன்னொரு தடவை போட்டாள். தேவையே இருக்கவில்லை. முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. பரீதா மூச்சு விட்ட இடத்தைச் செயலி விழுங்கிவிட்டது. 'பாவிக்கிறேல்ல, ஆக்களுக்கும்' என்பதை 'பாவிக்கிற எல்லா ஆக்களுக்கும்' என்று ஒட்டிவிட்டது. இல்லை என்று சொன்னதை எல்லாம் என்று எழுதிவிட்டது. சுருக்கம் செய்த செயலியோ அந்தத் தெளிவில்லாத வசனத்தை இழுத்துச் சீராக்கி, ஒரு தலைவியின் வாக்குமூலமாக்கிக் கையில் கொடுத்துவிட்டது.

ஆனால் அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நிப்லா கையே படாத முதல் எழுத்தை எடுத்துப் பார்த்தாள். 'தங்க ஊசி பாவிக்கிற எல்லா ஆக்களுக்கும் தெரியும்' என்று கிடந்தது. அப்படியே போயிருந்தால் குறிஞ்சாக்கேணியில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். 'இது என்ன விசர் எழுத்து' என்று சிரித்துவிட்டு, தொலைபேசி எடுத்துக் கேட்டிருப்பார்கள். அந்தத் தங்க ஊசியைத் திருத்தி, பரீதாவின் சித்தியைப் பரீதாவாகவே ஆக்கி, பொய்யை நம்பக்கூடியதாக்கியது அவள்தான். பெயரைச் சரியாக எழுதிவிட்டோம் என்று பெருமைப்பட்டதும் அவள்தான். வெட்கம் அவளுடைய காதைச் சுட்டது. எழும்பிப் போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது, ஆனால் அந்த மூன்று அறையில் ஒளிய இடமில்லை.

பரீதா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தன் குரலைக் கேட்ட பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"அந்த மெஷினுக்கு எங்கட கதை விளங்காதுதான் மகள். அது எங்கயோ உள்ளது" என்றார். "நீங்க கிண்ணியாப் பிள்ளைதானே? உங்களுக்குமா விளங்கேல்ல?"

அன்று காலையில்கூட உம்மா பிட்டைக் கொண்டுவந்து நீட்ட, 'நான் காலமைல சாப்பிடுறேல்ல தெரியுந்தானே' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள் அவள். பரீதாவின் வாயில் வந்த அதே 'றேல்ல'வை ஒரு தடவை காதால் கேட்டிருந்தால் அரை நொடி போதும். கேட்டால்தானே.

சிந்துஜன் உள் அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பரீதா தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் வந்து, தணிந்த குரலில், "பெரிசு படுத்தத் தேவையில்லை. திருத்தின பிரதி ஒண்டு அனுப்புவம். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' எண்டு ஒரு வரி போட்டா முடிஞ்சுது" என்றான்.

அந்த வரி நிப்லாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவள் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. உடனே தட்டச்சு செய்யவும் தொடங்கிவிட்டாள். 'தொழில்நுட்பக் கோளாறு' வரைக்கும் வந்தபோது பரீதா திரும்பி வந்து திரையைப் பார்த்தார். தமிழ் நன்றாகவே வாசிப்பார்.

"கடதாசிய இன்னொரு கடதாசி போட்டு மூட ஏலாது. முதல் வந்ததத்தான் அவங்க நம்புவாங்க. என்ட குரல அங்க கொண்டு வந்து போடுங்க. எல்லாரும் காதால கேக்கட்டும்."

"வாறன் மாமி" என்றாள் நிப்லா. வேறு என்ன சொல்வது?

போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. ஒரு பிழை இருந்தால் இன்னும் இருக்கும். லாச்சியின் அடியில் கிடந்த ஹெட்போனை எடுத்துத் தூசு தட்டி மாட்டிக்கொண்டு, முதல் நிமிடத்தில் இருந்து, எழுத்தைக் கண்ணாலும் பேச்சைக் காதாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். பழையபடி இரண்டு நாள் போயிற்று. ஏழு பிழை அகப்பட்டது. கண்ணை உறுத்துகிற மாதிரி ஒன்றுகூட இல்லை, ஏழும் நல்ல பிள்ளை மாதிரி வசனத்துக்குள் உட்கார்ந்திருந்தன. ஓரிடத்தில் 'எங்களுக்கு ஏலாது கூட்டத்துக்கு வர' என்று ஒருவர் சொன்னது 'எங்களுக்கு ஏழாவது கூட்டத்துக்கு வர' ஆகியிருந்தது. வலைக் கண்ணின் அளவு ஒன்றில் 'ஒண்டரை' போய் 'ரெண்டரை' அங்குலம் வந்திருந்தது. காதுக்கும் தெளிவில்லாத இடங்களைத் தானாக ஊகித்து நிரப்பாமல், நிமிடத்தைக் குறித்துவைத்து, பேசியவர்களுக்கே அழைத்துக் கேட்டாள்.

சல்லிச் சங்கத்துச் சின்னராசாவிடம் கேட்டாள். "அண்ணை, நீங்கள் கூட்டத்தில எத்தினை தோணி எண்டு சொன்னனீங்கள்? பதினாலா, பதினாறா?"

"பதினாறு பிள்ளை. உங்கட பேப்பரில பதினாலு எண்டு கிடந்தது. மிச்ச ரெண்டு தோணியையும் ஆர் தண்ணியில தாட்டது எண்டு இங்க ஆக்கள் என்னைக் கேக்கினம்."

"நான்தான் அண்ணை" என்றாள் நிப்லா. அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் குறிஞ்சாக்கேணிச் சங்கக் கட்டிடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். பரீதா பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அந்த இரண்டு வெறும் கதிரையையும் தன் கையால் போட்டது மாதிரித்தான் நிப்லாவுக்கு இருந்தது. இந்தக் கூட்டத்துக்கும் அறிக்கை எழுத வேண்டும் என்பதால் வழக்கம்போலக் கைபேசியை நடு மேசையில் பதிய வைத்தாள். பிறகு மடிக்கணினியை ஒலிபெருக்கியில் கொளுவி, நாற்பத்தேழாவது நிமிடத்தைப் போட்டாள்.

'பாவிக்கிறேல்ல.'

"இன்னொருக்காப் போடுங்க" என்றது ஒரு குரல். போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். செயலாளர் மைமூனா தலையில் இருந்த முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அறிக்கையை எழும்பி நின்று வாசித்தவள் அவள் அல்லவா. பிறகு, எல்லாருக்குமாகச் சேர்த்து, நிப்லாவுக்கும் சேர்த்து ஒரு வழி திறந்துவிட்டாள்.

"மெஷின்தானே பிழையா எழுதியிருக்கு. அதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

பல தலைகள் ஆடின. ஓம், ஓம், மெஷின்தான். நிப்லா பேசாமல் இருந்தாலே போதும், எல்லாரும் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். அவள் பின்வரிசையைப் பார்த்தாள். பரீதா அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் மட்டும் இல்ல" என்றாள் நிப்லா. "அது பிழை விடும் எண்டு எனக்குத் தெரியும். கேட்டுத் திருத்தத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்கிற. நான் கேக்கேல்ல. வார்த்தையளத்தான் திருத்தினனான். பேரத் திருத்தினன், தங்கூசியத் திருத்தினன். மாமி என்ன சொன்னாங்க எண்டு ஒருக்காலும் கேக்கேல்ல."

சொல்லி முடித்ததும் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

மைமூனா எழும்பிப் பின்னால் போய்ப் பரீதாவின் பக்கத்து வெறும் கதிரையில் இருந்தாள். கையைப் பிடித்தாள். இன்னும் இரண்டு மூன்று பேர் போனார்கள். திரும்பவும் தலைவியாக வரச் சொன்னார்கள். பரீதா ஒருவரையும் நோகச் சொல்லவில்லை, ஒருவரையும் அணைக்கவும் இல்லை.

"அது இனி எனக்கு ஏலாது" என்றார். "ஒன்பது வருசம் என்ட வாயத் தெரிஞ்சவங்க, ஒரு கடதாசிய நம்பினீங்க. என்ட சொல்லு எனக்குத் திரும்ப வந்திட்டு. அது போதும்."

நிப்லாவுக்கு வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. அவள் அந்த இனிப்பைத் தொடாமல் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு எழும்பினாள்.

திங்கட்கிழமை காலை, சனிக்கிழமைப் பதிவைச் செயலிக்குக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் எழுத்து வந்தது. தன் பெயரை 'நிலா' என்று போட்டிருந்தது. கீழே போனாள். தன் பேச்சு வந்த இடத்தில் நின்றாள்.

'கேட்டுத் திருத்தத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நான் கேட்ட எல்லா வார்த்தைகளைத்தான் திருத்தினேன்.'

பின்னால் வந்து நின்ற சிந்துஜன் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு. அப்பிடியே விடுங்கோ" என்றான். அவனுக்குத் தெரியாது, அவன் அங்கே போகவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இப்படியே சுருக்கம் செய்தால், ஆவண உத்தியோகத்தர் தாம் கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தியதாகத் தெரிவித்தார் என்று எல்லாச் சங்கத்துக்கும் போகும். சல்லிக்கும் போகும், அதிகாரிகளின் ஒபீஸுக்கும் போகும். செயலிக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. பரீதா மேலும் இருந்ததில்லை.

ஹெட்போனை மாட்டினாள். அந்த இடத்தைத் தொட்டாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை, மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது. நடுங்கிக்கொண்டு அது சொன்னது: நான் கேக்கேல்ல. வார்த்தையளத்தான் திருத்தினனான்.

'கேட்ட எல்லா' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'கேட்கவில்லை' என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்தாள். சரியா என்று இன்னும் இரண்டு தடவை கேட்டாள். கேட்கவில்லை என்று எழுதுவதற்கு அவள் அதை மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, 'நிலா' இருந்த இடத்தில் நிப்லா என்று தன் பெயரை முழுதாகப் போட்டாள். பக்கத்தில் ஆவண உத்தியோகத்தர் என்றும் எழுதினாள். சுருக்கம் செய்யும் பொத்தானைத் தொடாமல், பதிவின் முதல் நிமிடத்துக்குப் போய்க் கேட்கத் தொடங்கினாள்.